சரியான முடிவு, தீராத குற்றம்: மெர்ஸ்-எல்-கெபிர், 1940

1940 ஜூலை 3 அன்று மாலை, அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் பக்கத்தில் உள்ள மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள்மீது பிரிட்டிஷ் கடற்படை சுட்டது. அன்றும் மூன்று நாள் கழித்து நடந்த விமானத் தாக்குதலிலும் சேர்த்து 1,297 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புவரை இவர்கள் பிரிட்டனின் கூட்டாளிகள். ஜெர்மனிக்கு எதிராக ஒரே பக்கத்தில் நின்று போரிட்டவர்கள். அவர்கள் பிரிட்டனுக்கு ஒரு தீங்கும் செய்திருக்கவில்லை. செய்யப் போவதாகவும் சொல்லவில்லை.

பெரிய தீமையைத் தடுக்க ஒரு தலைவர் தெரிந்தே ஒரு தவறைச் செய்யலாமா, செய்தால் அதற்குப் பிறகு அவர் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியை அரசியல் தத்துவத்தில் ‘கறைபடிந்த கைகள்’ என்ற பெயரில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் கற்பனை. எங்கோ வெடிகுண்டு இருக்கிறது, அதை வைத்தவன் பிடிபட்டிருக்கிறான், அவனைச் சித்திரவதை செய்தால் இடம் தெரிந்துவிடும் என்பது போல. கற்பனையில் எல்லாம் உறுதியாகத் தெரியும், நேரம் கச்சிதமாக ஓடும். நிஜத்தில் எதுவும் உறுதியாகத் தெரியாது. அதனால்தான் மெர்ஸ்-எல்-கெபிரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே யார் எப்போது என்ன நினைத்தார், எந்த வழி திறந்திருந்தது, எது மூடியது என்பது கிட்டத்தட்ட மணிவாரியாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் பிரிட்டனின் பயம் என்ன என்று பார்ப்போம். 1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியுடன் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த நாளில் பிரெஞ்சுக் கடற்படை உலகின் பெரிய கடற்படைகளில் நான்காவது. ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு, பிரெஞ்சுக் கப்பல்கள் குறிப்பிட்ட துறைமுகங்களுக்குத் திரும்பி, ஜெர்மனி அல்லது இத்தாலியின் கண்காணிப்பில் ஆயுதம் களைய வேண்டும் என்றது. அந்தக் கப்பல்களைப் போரில் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று ஜெர்மனி அதே பிரிவில் உறுதியும் கொடுத்தது. ஹிட்லரின் உறுதிமொழிகளை அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பார்த்திருந்த லண்டன் அதை நம்பத் தயாராக இல்லை. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் அட்மிரல் தார்லான், ஒரு கப்பல்கூட எதிரியின் கைக்குப் போகாது என்று பிரிட்டனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் தோற்ற நாட்டின் அமைச்சராக உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் வாக்கை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

அப்போது பிரிட்டன் ஏறக்குறையத் தனியாக நின்றது. தரைப்படை டன்கெர்க் கடற்கரையில் தளவாடங்களை விட்டுவிட்டு உயிரோடு மட்டும் திரும்பியிருந்தது. தீவைக் காப்பாற்ற இருந்தவை கடற்படையும் விமானப்படையும்தான். பிரெஞ்சுக் கப்பல்கள் ஜெர்மன், இத்தாலியக் கப்பல்களோடு சேர்ந்தால் கடலில் பிரிட்டனுக்கு இருந்த மேல்கை போய்விடும். கடல் போனால் தீவு போகும், தீவு போனால் மேற்கு ஐரோப்பாவில் நாஜிகளை எதிர்க்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். இது பிரதமர் சர்ச்சில் பின்னாளில் ஜோடித்த சாக்கு இல்லை. அந்த வாரங்களில் உண்மையிலேயே நிலவிய கணக்கு.

ஜூன் 27 அன்று பிரிட்டனின் போர்க்கால அமைச்சரவை முடிவெடுத்தது. ஜிப்ரால்டரில் இருந்த படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற வைஸ் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில், மெர்ஸ்-எல்-கெபிரில் இருந்த பிரெஞ்சு அட்மிரல் ஜான்சூலிடம் சில வழிகளை முன்வைக்க வேண்டும். எங்களோடு சேர்ந்து போரிடுங்கள். அல்லது குறைந்த ஆட்களோடு பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வாருங்கள், மாலுமிகளை நாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அல்லது மேற்கிந்தியத் தீவுகளில் மார்ட்டினிக் போன்ற பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போய் ஆயுதம் களையுங்கள், வேண்டுமானால் அமெரிக்காவின் பொறுப்பில் விடுங்கள். எதுவும் முடியாதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் கப்பல்களை நீங்களே மூழ்கடியுங்கள். அதுவும் முடியாதென்றால் நாங்கள் சுடுவோம்.

இதில் ஒரு விவரம் முக்கியம். இன்னொரு வழியும் இருந்தது. நிற்கும் இடத்திலேயே கப்பல்களின் ஆயுதத்தைச் செயலிழக்கச் செய்வதுதான் அது. ஜான்சூல் தானாக அதைக் கேட்டால், சில நிபந்தனைகளோடு சோமர்வில் ஏற்றுக்கொள்ளலாம் என்று உத்தரவு இருந்தது. ஆனால் ஜான்சூலிடம் கொடுத்த தாளில் அந்த வழி எழுதப்படவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோமர்வில்லுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவருடைய அதிகாரிகளில் பிரெஞ்சுக் கடற்படையை நன்கு அறிந்தவர்கள், எப்பாடுபட்டாவது சுடுவதைத் தவிர்க்க வேண்டும் என்றார்கள். அவர் அதை லண்டனுக்கு எழுதினார். எந்த வழியையும் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்காவிட்டால் கப்பல்களை அழிப்பதே அரசின் உறுதியான எண்ணம் என்று பதில் வந்தது.

ஜூலை 3 காலை கேப்டன் ஹாலண்ட் ஒரு டிஸ்ட்ராயர் கப்பலில் துறைமுக வாயிலுக்கு வந்தார். பாரிஸில் பிரிட்டனின் கடற்படைப் பிரதிநிதியாக இருந்தவர், பிரெஞ்சு பேசுபவர், பிரெஞ்சு அதிகாரிகளிடம் நட்புள்ளவர். ஜான்சூல் அவரை நேரில் பார்க்க மறுத்து, தன் உதவி அதிகாரியை அனுப்பினார். தாள் கை மாறியது. ஜான்சூல் தன் தலைமைக்கு அனுப்பிய செய்தியில், ஆறு மணி நேரத்துக்குள் கப்பல்களை மூழ்கடிக்காவிட்டால் சுடுவதாக ஆங்கிலேயர் மிரட்டுகிறார்கள், பலத்தைப் பலத்தால் சந்திப்போம் என்று பதில் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகலாம் என்ற வழி அந்தச் செய்தியில் இல்லை. பிரெஞ்சுத் தலைமை முழு விவரம் தெரியாமலேயே, அவருக்கு உதவிக்குப் பக்கத்துப் படைப்பிரிவுகளைக் கிளம்பச் சொன்னது.

கெடு நீண்டது. சோமர்வில் தன்னால் முடிந்தவரை தள்ளிப்போட்டார். இடையில் ஆர்க் ராயல் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போட்டன. பேச்சு நடக்கும்போதே வழியை அடைப்பது நல்லெண்ணமாகத் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாலை நாலு மணிக்கு மேல்தான் ஜான்சூல் ஹாலண்டைத் தன் கப்பலுக்குள் விட்டார். அங்கே தார்லானின் உத்தரவைக் காட்டினார். எதிரி கைப்பற்ற வந்தால் கப்பல்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோ, இல்லையேல் மூழ்கடி என்பது அதன் சாரம். அதாவது பிரிட்டன் கேட்டதில் பெரும்பகுதி ஏற்கெனவே பிரெஞ்சு உத்தரவிலேயே இருந்தது. இருவரும் ஒரு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரம் லண்டன் பிரெஞ்சுச் செய்திகளை இடைமறித்து, உதவிப் படை வருவதைத் தெரிந்துகொண்டது. சீக்கிரம் முடியுங்கள், இல்லையென்றால் வரும் படையையும் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று சோமர்வில்லுக்குத் தகவல் போனது. அவர் ஐந்தரை மணியைக் கடைசிக் கெடுவாக அறிவித்தார். ஹாலண்ட் வெளியேறினார். 5.54க்குச் சுடத் தொடங்கினார்கள். சுமார் பத்து நிமிடம். பிரெத்தான்யே என்ற பழைய போர்க்கப்பல் வெடித்துக் கவிழ்ந்தது. அதில் மட்டும் 977 பேர். பிரெஞ்சுக் கப்பல்கள் கரையோரத் தடுப்புச் சுவரில் கட்டப்பட்டு, அசைய இடமில்லாமல் நின்றன. பெரிய போர்க்கப்பல்களில் ஸ்ட்ராஸ்பூர் மட்டும் புகைக்குள் நழுவி தூலோன் துறைமுகத்துக்குத் தப்பியது.

இனி கேள்விக்கு வருவோம். இந்தச் செயலைப் பற்றி இரண்டு எளிய பதில்கள் உண்டு. நிரபராதிகளைக் கொல்வது தவறு, காரணம் எதுவானாலும் செய்யக்கூடாது என்பது ஒன்று. நாஜிகள் வென்றிருந்தால் எத்தனை லட்சம் உயிர் போயிருக்கும், அதோடு ஒப்பிட்டால் இது சரி, சரியானதைச் செய்தவர் வருந்தத் தேவையில்லை என்பது மற்றொன்று. முதல் பதில் சொல்பவர், பிரிட்டன் வீழ்ந்திருந்தால் அதன் விலையை யார் கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார். தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக நாலு கோடிக்கும் மேற்பட்ட பேரை ஆபத்தில் விடும் பிரதமரை நல்லவர் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டாவது பதிலில் வேறொரு குறை. கணக்கு முடிந்ததும் அந்த 1,297 பேர் அதில் காணாமல் போய்விடுகிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கழிந்துபோன எண்ணாக மாறுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும், ‘என்னைக் கொல்ல உனக்கு உரிமையில்லை’ என்று சொல்லும் நியாயம் கடைசி வரை இருந்தது. பிரிட்டனின் ஆபத்து எவ்வளவு பெரிதானாலும் அந்த நியாயம் ரத்தாகவில்லை.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றைய விவாதத்துக்கு அடித்தளம். அவர் வாதத்தின் மையம் இதுதான்: ஒரே செயல் செய்ய வேண்டியதாகவும் தவறாகவும் ஒருங்கே இருக்க முடியும். நல்ல மனிதராக மட்டும் இருப்பவர் அதைச் செய்ய மாட்டார். அரசியல்வாதியாக மட்டும் இருப்பவர் அதைச் செய்துவிட்டுக் கை சுத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொள்வார். செய்துவிட்டு, தான் செய்தது தவறு என்பதையும் அறிந்து சுமப்பவரிடம்தான் அரசியலை ஒப்படைக்கலாம் என்கிறார் வால்சர்.

இது முரண்பாடு என்று பலர் மறுத்தார்கள். செய்ய வேண்டியது என்றால் அது எப்படித் தவறாகும்? வெள்ளத்தில் குழந்தைகளை மீட்கப் பக்கத்து வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தெப்பமாக்குகிறோம் என்று வையுங்கள். செய்தது சரிதான். ஆனாலும் வெள்ளம் வடிந்ததும் அந்த வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும், கதவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘அவசரம், சரியானதைத்தான் செய்தேன்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? சரியான செயலும் கடனை விட்டுச்செல்லும். மெர்ஸ்-எல்-கெபிரில் உள்ள கொடுமை, அந்தக் கடனைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது. உயிருக்கு மாற்றுக் கதவு கிடையாது.

ஆனால் இதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்தச் செயல் உண்மையிலேயே தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். இங்கேதான் கறைபடிந்த கைகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏமாற்றுகிறது. ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லைத் தலைவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, நேராகக் குற்ற உணர்வின் அழகுக்குப் போய்விடுகிறோம். வழி இருந்ததா இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதே ஜூலை 3 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவிலும் ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவு இருந்தது. அங்கே பிரிட்டிஷ் அட்மிரல் கன்னிங்ஹாமுக்கும் பிரெஞ்சு அட்மிரல் கோட்ஃப்ருவாவுக்கும் இதே பிரச்சினை. லண்டன் அவரையும் அவசரப்படுத்தியது. கன்னிங்ஹாம் அவசரப்படவில்லை. பேச்சு முறிந்துவிடும்போல் இருந்த கட்டத்திலும் பேசினார். முடிவில் பிரெஞ்சுக் கப்பல்கள் எரிபொருளை இறக்கின, பீரங்கிகளின் முக்கியப் பாகங்களைக் கழற்றிக் கரையில் ஒப்படைத்தன, நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. 1943இல் அவை நேசநாடுகளோடு சேர்ந்தன.

மேலே சொன்னேனே, மெர்ஸ்-எல்-கெபிரில் தாளில் எழுதாமல் விட்ட வழி, அலெக்சாண்ட்ரியாவில் உயிர்களைக் காத்தது ஏறக்குறைய அதே வழிதான். சூழ்நிலை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அலெக்சாண்ட்ரியா பிரிட்டனின் கைக்குள் இருந்த துறைமுகம். கோட்ஃப்ருவாவால் எங்கும் ஓட முடியாது, உதவிக்கும் யாரும் வர முடியாது. எனவே கன்னிங்ஹாமுக்கு நேரம் இருந்தது. சோமர்வில்லுக்கு அது இல்லை. இருந்தும் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம்: கப்பல்கள் ஜெர்மனியின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியமாக இருந்தது. 5.54க்குச் சுடுவது அதே அளவுக்கு அவசியம் இல்லை. காலையில் ஜான்சூல் ஹாலண்டைச் சந்தித்திருந்தால், முழுத் தாளையும் தலைமைக்கு அனுப்பியிருந்தால், விட்டுப்போன வழியைத் தாளில் எழுதியிருந்தால், கண்ணிவெடி போடாமல் இருந்திருந்தால் என்று பல கதவுகள் அந்த நாள் முழுவதும் ஒவ்வொன்றாக மூடின. சிலவற்றை பிரெஞ்சுக்காரர் மூடினார். சிலவற்றை பிரிட்டிஷார் மூடினார்கள். முடிவு தவிர்க்க முடியாதது என்று சர்ச்சிலுக்குத் தோன்றியதில் ஒரு பகுதி, அவரே வைத்த கெடுவால் உண்டானது.

பின்னாளில் நடந்தது இன்னும் சங்கடமானது. 1942 நவம்பர் 27 அன்று ஜெர்மன் படை தூலோன் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சு மாலுமிகள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். மெர்ஸ்-எல்-கெபிரில் இருந்து தப்பிய ஸ்ட்ராஸ்பூரும் அதில் போனது. தார்லான் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. அப்படியானால் 1940இல் சுட்டது வீணா? அப்படிச் சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். 1940 ஜூனில் யாருக்கும் 1942 தெரியாது. ஒரு வாக்கை நம்பி நாட்டைப் பணயம் வைக்க மறுத்ததை, அந்த வாக்கு பிறகு நிறைவேறியது என்ற காரணத்துக்காக முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் இறந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் தூலோன் ஒன்றை நிச்சயமாகச் சொல்கிறது. அவர்கள் நம்பத் தகுந்தவர்களாக இருந்தார்கள். அவர்களைக் கொன்றவர்கள் அவர்களைப் பற்றி நினைத்தது பொய்யாகிவிட்டது. முடிவெடுத்தவர் அன்று நியாயமாக நடந்திருந்தாலும், இந்தத் தகவல் வந்த பிறகு அவர் கடன் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சரி, அந்தக் கடனை யார் எப்படிச் சுமந்தார்கள்?

ஜூலை 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசினார். நடந்ததை மறைக்கவில்லை. பிரெஞ்சு மாலுமிகள் துணிச்சலோடு போரிட்டார்கள் என்று சொன்னார். பழியைப் பிரெஞ்சு அரசின்மீது போட்டார், தீர்ப்பை நாடாளுமன்றத்துக்கும் நாட்டுக்கும் உலகுக்கும் வரலாற்றுக்கும் விட்டுவிடுவதாக முடித்தார். அவை எழுந்து ஆரவாரம் செய்தது. அதுவரை அவரைச் சந்தேகத்தோடு பார்த்த சொந்தக் கட்சியினரும் அன்றுதான் முதல்முறையாக மனம்விட்டு ஆதரித்தார்கள். அவர் கண்ணீரோடு உட்கார்ந்தார். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில், தான் பங்கெடுத்த முடிவுகளில் இதைப் போல இயல்புக்கு மாறானதும் வேதனையானதும் வேறில்லை என்று எழுதினார்.

அந்தக் கண்ணீர் போலி என்று நான் நினைக்கவில்லை. பிரான்ஸை அவர் உண்மையாகவே நேசித்தவர். ஆனால் கண்ணீரும் ஆரவாரமும் ஒரே நிமிடத்தில் வந்ததைக் கவனிக்க வேண்டும். அந்தச் செயலால் அவருக்கு அரசியல் லாபம் கிடைத்தது. பிரிட்டன் பணியாது என்று உலகுக்கு, முக்கியமாக அமெரிக்காவுக்கு, காட்டியாகிவிட்டது. பிரதமராக அவர் இடம் உறுதியானது. குற்ற உணர்வு உள்ளே இருந்தது, விலை எதுவும் வெளியே இல்லை.

சோமர்வில் நிலை வேறு. அவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் எல்லாரும் அழுக்கானவர்களாக, வெட்கப்பட்டவர்களாக உணர்வதாகச் சொன்னார். இது இக்காலத்தின் மிகப் பெரிய அரசியல் பிழை என்றார். தான் அரை மனதோடுதான் சுட்டதாகவும் ஒப்புக்கொண்டார். முடிவை எதிர்த்தவர் அவர். செய்து முடித்த கை அவருடையது. முடிவெடுத்தவர்களுக்குக் கைதட்டலும் நிறைவேற்றியவருக்கு அழுக்கும் போய்ச் சேர்ந்தன. கறைபடிந்த கைகள் என்று பேசும்போது பெரும்பாலும் உச்சியில் இருக்கும் ஒருவரின் மனப்போராட்டத்தையே பார்க்கிறோம். ஆனால் கறை அடுக்கடுக்காகக் கீழே இறங்குகிறது. பீரங்கிக்குக் குண்டு போட்ட இருபது வயதுப் பையனுக்கு எந்த நாடாளுமன்றமும் கிடையாது.

குற்ற உணர்வு உள்ளேயே நின்றுவிடும் என்ற கவலை வால்சரின் கட்டுரையிலேயே இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919இல் மியூனிக்கில் பேசியபோது, அரசியலில் இறங்குபவர் வன்முறையோடு உறவு வைக்கிறார், அதன் விளைவுகளைத் தன் தோளில் ஏற்க வேண்டும் என்றார். வெபரின் தலைவர் தனக்குள்ளேயே துன்பப்படுகிறார். வால்சருக்கு அது போதவில்லை. ஒருவர் தன் குற்றத்துக்குத் தானே விலை குறித்து, தானே மனதுக்குள் செலுத்திக்கொண்டால், அதைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. விலையை வேறு யாராவது நிர்ணயிக்க வேண்டும்.

சர்ச்சில் இந்த நிகழ்ச்சியைத் தன் நூலில் விவரித்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்கிறார். தூலோன் அருகே ஒரு கிராமத்தில், அந்தத் தாக்குதலில் மகன்களை இழந்த இரண்டு விவசாயக் குடும்பங்கள், சவப்பெட்டிகள்மீது பிரெஞ்சுக் கொடியோடு பிரிட்டிஷ் கொடியையும் போர்த்தச் சொன்னார்களாம். எளிய மக்களின் பெருந்தன்மைக்கு அடையாளமாக இதைக் காட்டுகிறார். நடந்திருக்கலாம். ஆனால் மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர் சொல்ல வேண்டும். கொன்றவரின் நினைவுக் குறிப்பில் அது வருவது பொருத்தமான இடம் இல்லை. இரண்டு குடும்பங்களின் பெருந்தன்மை மற்ற குடும்பங்களின் கணக்கைத் தீர்க்கவும் செய்யாது. அந்த ஆறாத கோபம் அரசியலிலும் வெளிப்பட்டது. பிரெஞ்சு அரசு பிரிட்டனோடு உறவை முறித்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்களும், தோல்வியை ஏற்காமல் லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் ஆட்களும் மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கர் துறைமுகத்துக்குப் போனபோது பிரெஞ்சுப் படை சுட்டு விரட்டியது.

இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் தெ கோல்தான். லண்டனில் பிரிட்டனின் தயவில் இருந்துகொண்டு, தன் நாட்டு மாலுமிகளைக் கொன்றவர்களைப் பற்றி அவர் பேச வேண்டியிருந்தது. ஜூலை 8 வானொலியில், இது வெறுக்கத்தக்க துயரம் என்று முதலில் சொன்னார். இதை வெற்றியாகக் கொண்டாட வேண்டாம் என்று பிரிட்டிஷாரைக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான், அந்தக் கப்பல்கள் ஒரு நாள் ஜெர்மானியரின் கையில் பிரிட்டனைச் சுடுவதைவிட இப்படி அழிந்தது மேல் என்றார். தவறு நடந்தது, இறந்தவர்கள் எங்களவர்கள், இருந்தும் முடிவை எதிர்க்க முடியவில்லை: மூன்றையும் ஒன்றை வைத்து ஒன்றை மறைக்காமல் சொன்னார். சர்ச்சிலின் உரையில் இல்லாதது அந்த நடு வாக்கியம். இறந்தவர்கள் எதிரிகள் அல்ல, அவர்கள் எங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை, அவர்களைக் கொன்றது அவர்களுக்கு இழைத்த அநீதி என்று, பிரெஞ்சு அரசைக் குறைசொல்லும் வாக்கியத்தோடு ஒட்டாமல், தனியாக, அந்தக் குடும்பங்களைப் பார்த்து ஒரு பிரிட்டிஷ் பிரதமர் சொல்லியிருக்கலாம். போரில் பிரிட்டனுக்கு அதனால் ஒரு கப்பலும் குறைந்திருக்காது.